கரடியின் வயிற்றைப் பிரித்த சனிக்கிழமை



போன கிழமை எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவரின் கரடிப் பொம்மையைக் கழுவிக் கொடுத்தோம். கேள்விப்பட்ட நாலைந்து தாய்மார், "டீச்சர், எப்பிடிச் செய்தீங்கள்? நாங்கள் கழுவினால் கட்டி கட்டியாப் போகுது, காய்ஞ்ச பிறகும் மணக்குது" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். பிள்ளையின் பெயரும் வீடும் வேண்டாம். மூத்தம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

பிள்ளை தரம் ஒன்றில் படிக்கிறார். உம்மா குவைத்துக்கு வேலைக்குப் போய் ஒரு வருசமும் சில மாதங்களும் ஆகிறது. போகும்போது ஒரு கரடியை வாங்கி, தன்னுடைய பழைய சால்வையில் ஒரு துண்டைக் கிழித்து அதன் கழுத்தில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளை அதைக் கட்டிப்பிடித்துத்தான் தூங்குவார். அதன்மேல் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறது, சோற்றுக் கையோடு பிடித்திருக்கிறார், இரவில் சில நாள் படுக்கையும் நனைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் பையில் வைத்துக் கொண்டுவரத் தொடங்கிய பிறகு, பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஒரு நாள் பிள்ளை அழுதுகொண்டு வந்தார்.

மூத்தம்மாவைக் கூப்பிட்டுப் பேசினோம். "டீச்சர், கழுவப் போனா கத்துறான். உம்மாட மணம் போயிடுமாம். எறியவும் ஏலாது, வச்சிருக்கவும் ஏலாது" என்றார்.

கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்தபோது டொனால்ட் வினிகொட் என்ற இங்கிலாந்துக் குழந்தை வைத்தியரைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். பிள்ளைகள் விடாமல் பிடித்திருக்கும் துணித்துண்டு, பொம்மை இவற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1953 இல் வெளிவந்தது. அந்தப் பொருள் ஊத்தையாகி மணந்தாலும் தாய் அதைக் கழுவாமல் விடுவாள், கழுவினால் பிள்ளையின் அனுபவத்தில் ஒரு முறிவு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும் என்று அதில் சொல்லியிருக்கிறார். பரீட்சைக்காகப் பாடமாக்கிய விசயம். இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

ஆனாலும் கழுவத்தான் வேண்டியிருந்தது. சிறுநீர் பட்ட பொருளோடு பிள்ளை தூங்குகிறார். மூத்தம்மா தொழுகிற பாயிலும் அது கிடக்கிறது. ஆகவே பிள்ளையோடு ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். கழுத்துச் சால்வைத் துண்டைக் கழுவமாட்டோம். கரடியைக் கழுவும்போது அவர் பக்கத்திலேயே இருக்கலாம். அன்றிரவே தரமாட்டோம், அடுத்த நாள் தருவோம். கடைசி நிபந்தனைக்குத்தான் அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

சால்வைத் துண்டை அவரே அவிழ்த்தார். அதை ஒரு சின்னப் பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி அவர் கையிலேயே கொடுத்தோம்.

இனி விசயத்துக்கு வருவோம்.

தண்ணீரில் போடுவதற்கு முன்னம் பொம்மைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இப்போது கடையில் வருகிற பெரும்பாலான பொம்மைகளில் பொலியெஸ்டர் பஞ்சுதான் இருக்கும். அமத்திவிட்டால் மெதுவாகத் திரும்பி எழும்பும், சத்தம் வராது. இதைத் தாராளமாக நனைக்கலாம். அமத்தும்போது நெருநெரு என்று மணிகள் நகர்ந்தால் உள்ளே ரெஜிபோம் மணி. துண்டு துண்டாகத் தடித்துத் தெரிந்தால் ஸ்பொஞ்ச், பழைய ஸ்பொஞ்ச் தண்ணீர் பட்டுப் பிசைந்தால் பொடியாகிவிடும். வீட்டில் தைத்த பழைய பொம்மைகளில் இலவம்பஞ்சு இருக்கலாம், அது நனைந்தால் கட்டியாகி முன்பிருந்த மாதிரித் திரும்பி வராது. பாட்டுப் பாடுகிற பொம்மைக்குள் பற்றரி இருக்கும். இவற்றையெல்லாம் முழுதாக நனைக்காமல் வெளியே மட்டும் துடைக்க வேண்டும்.

அடுத்தது, மணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. பொம்மையின் வயிற்றை மூக்குக்குக் கிட்டப் பிடித்து ஒருதரம் அமத்துங்கள். உள்ளிருந்து காற்று வரும். மேல் துணி மணந்து, உள்ளிருந்து வருகிற காற்று மணக்காவிட்டால் வெளியே கழுவினால் போதும். அந்தக் காற்றே மணந்தால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் பிரயோசனம் இல்லை. ஊத்தை பஞ்சுக்குள் இருக்கிறது. எங்கள் கரடியை அமத்தியபோது மூத்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது, வயிற்றைப் பிரிக்கத்தான் வேண்டும்.

பிரிக்காமல் முழுதாக வாளியில் போட்டு அலசினால் என்ன என்று கேட்பீர்கள். சின்னப் பொம்மை என்றால் செய்யலாம். ஒரு அடிக்கு மேலே பெரிய பொம்மையின் நடுப்பஞ்சு காய்வதற்கு மிக அதிக நேரம் எடுக்கும். வெளியே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில் கிருமி பெருகி, இரண்டு நாளில் பூஞ்சண மணம் தொடங்கும். "கழுவின பிறகுதான் கூடுதலா மணக்குது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நாங்களே இந்தப் பிழையை ஒருதரம் விட்டிருக்கிறோம். எங்கள் மகளின் முயலைக் கார்த்திகை மாதத்தில், சலவைத் தூளை அள்ளிக் கொட்டி ஊறவைத்து, சேலை பிழிகிற மாதிரி முறுக்கிப் பிழிந்து, காதில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். நாலு நாள் மழை. முயலின் பஞ்செல்லாம் காலுக்கு இறங்கிக் கட்டியாகி, கழுத்து சூம்பி, காது நீண்டுபோனது. மணமும் போகவில்லை. முறுக்கினால் பஞ்சு நூல்கள் ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகிவிடும். அவற்றைப் பிறகு பிரிப்பது பெரிய வேலை.

கரடியின் முதுகில் ஒரு தையல் மற்றதைப் போல் இல்லாமல் கொஞ்சம் நெளிந்திருந்தது. பஞ்சு அடைத்த பிறகு கையால் மூடித் தைத்த இடம் அதுதான், எல்லாப் பொம்மையிலும் ஒன்று இருக்கும். ரோமத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு விரலால் தடவினால் அகப்படும். துணியில் கத்தி படாமல் நூலை மட்டும் வெட்டி நாலு விரல் நீளத்துக்குத் திறந்தோம். பிள்ளை கரடியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நோகுமா டீச்சர்?" என்றார். "இல்ல மகன், நூலைத்தான் வெட்டுறம்" என்றோம்.

பஞ்சை எடுக்கும்போது தலை, கை, கால், வயிறு என்று நாலு குவியலாக வைத்தோம். திரும்ப அடைக்கும்போது எந்த இடத்துக்கு எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். பஞ்சு 165 கிராம், வெறும் தோல் 125 கிராம். இந்தக் கணக்கு ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

வயிற்றுப் பஞ்சில் ஒரு பகுதி மஞ்சளாகி ஒட்டியிருந்தது. அது அதிகம் என்றால் அந்தப் பகுதியை எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு போடலாம், பழைய தலையணைப் பொலியெஸ்டர் பஞ்சும் உதவும். எங்களுக்கு எறிய மனம் வரவில்லை. பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது தண்ணீர். எங்கள் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் நிற்கிற கிணற்றுத் தண்ணீர்தான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு கட்டிச் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் நுரை வராமல் பாலாடை மாதிரி ஒரு பசை உண்டாகும். அது ரோமத்தில் ஒட்டினால் காய்ந்த பிறகு பொம்மை விறைத்து நிற்கும், ஊத்தையையும் பிடிக்கும். அதனால் கட்டிச் சவர்க்காரம் போடவில்லை. திரவச் சலவை மருந்து எடுத்தோம். அது வன்னீரிலும் கரையும். கடற்கரைப் பக்கத்துச் சவர்த் தண்ணீர் என்றால் இன்னொரு பிரச்சினை. உப்பு பஞ்சில் தங்கிக் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், பொம்மை எப்போதும் சாதுவாக நமத்தே இருக்கும். அப்படியானவர்கள் கடைசி அலசலுக்காவது மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பச்சைத் தண்ணீரில் மட்டும் இரண்டு தரம் அலசினோம். சுடுதண்ணீர் வேண்டாம். பால், முட்டை, சிறுநீர் இவற்றில் இருக்கிற புரதம் சூட்டில் இறுகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு 10 லீற்றர் வாளியில் ஒரு மேசைக்கரண்டி திரவ மருந்து மட்டும் விட்டுக் கலக்கினோம். அள்ளி விட்டால் கூடச் சுத்தமாகும் என்று நினைக்க வேண்டாம், அலசி எடுப்பதே சீவன் போகிற வேலையாகிவிடும். பஞ்சை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டினோம். தோலை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினோம். இரண்டையும் 20 நிமிடம் ஊறவிட்டு, உள்ளங்கையால் அமத்தி அமத்தி விட்டோம். முறுக்கவும் இல்லை, கல்லில் அடிக்கவும் இல்லை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பிள்ளை எட்டிப் பார்த்து, "இதெல்லாம் நானா?" என்று கேட்டார்.

தோலின் நெஞ்சில் கறிமஞ்சள் கறை இருந்தது. அதில் சவர்க்காரம் பட்டதும் செம்மண் நிறமாக மாறியது. பயப்பட வேண்டாம். மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும், அலசினால் திரும்ப மஞ்சளாகும். முழுதாகப் போக்குவது வெயில்தான். அந்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்து ரோமத்தைப் பிய்க்காமல், கறைப் பக்கம் வெயிலைப் பார்க்கக் காயவிட்டால் போதும்.

நுரை நிற்கும்வரை அலசினோம், நாலு தண்ணீர் எடுத்தது. அதற்குப் பிறகு 5 லீற்றர் தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விட்டுப் பத்து நிமிடம் வைத்தோம். பழைய சிறுநீரில் வருகிற அந்த மூக்கைக் குத்துகிற மணம் அமோனியா. வினாகிரியின் புளிப்பு அதை முறிக்கும். தண்ணீரிலிருந்து ரோமத்தில் படிந்த சுண்ணாம்பையும் கரைக்கும். பிறகு வெறும் தண்ணீரில் ஒருதரம். வினாகிரி மணம் காய்ந்ததும் போய்விடும். ஒரு விசயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: துணி வெளுக்கிற குளோரினையும் வினாகிரியையும் ஒரே வாளியில் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். கரடிக்குக் குளோரினே தேவையில்லை, நிறத்தைத்தான் கெடுக்கும்.

பிழியும் வேலைக்கு இரண்டு துவாய் எடுத்தோம். தலையணை உறையைத் துவாய்க்குள் வைத்துச் சுருட்டி, மேலே முழங்காலை ஊன்றி அமத்தினோம். இதைப் பிள்ளையிடம் விட்டோம், ஏறி நின்றார். வீட்டில் மெசின் இருந்தால், உறையோடு போட்டு மறுபக்கம் ஒரு ஈரத் துவாயைப் பாரத்துக்கு வைத்து மூன்று நிமிடம் சுற்றவிடலாம். பொலியெஸ்டர் நூல் தனக்குள் தண்ணீரைக் குடிக்காது. நூல்களுக்கு நடுவேதான் தண்ணீர் நிற்கும். அதனால் அமத்துகிற அமத்தலில் பெரும்பங்கு வெளியே வந்துவிடும். அமத்தி முடிந்து பஞ்சை நிறுத்தபோது 420 கிராம்.

காயப்போடும்போது காலை ஒன்பதரை. சோளகக் காற்றுக் காலம், காய்வதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் பஞ்சைத் திறந்தபடி பாயில் போட்டால் முருங்கை மரத்தில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். வெங்காயம் வருகிற வலைப் பை இரண்டை எடுத்து, பஞ்சை விரலால் கிள்ளிக் கிள்ளிப் பிரித்து உள்ளே தளர்வாகப் போட்டுக் கொடியில் படுக்க வைத்த மாதிரிக் கட்டினோம். மணித்தியாலத்துக்கு ஒருதரம் போய்ப் பையைக் குலுக்கி, கட்டிகளைக் கிள்ளிப் பிரித்துவிட்டோம். பஞ்சு கட்டியாகாமல் இருப்பதற்கு இந்த வேலைதான் காரணம். முழுதாகக் காய்ந்த பிறகு பிரிக்கப் போனால் வராது.

தோலைக் காதில் தொங்கவிடாமல் ஒரு நைலோன் வலைமேல் விரித்தோம். பாதிக்கு மேல் காய்ந்ததும் பல் தேய்க்கும் மெல்லிய பிறஸ் ஒன்றால் ரோமத்தை வாரினோம். சூட்டுக் காற்று அடிக்கிற டிரையரோ அயன்பெட்டியோ கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். இந்த ரோமம் ஒரு வகை பிளாஸ்டிக் நூல்தான், சூடு பட்டால் சுருண்டு கரகரத்துவிடும். அதைத் திருத்த வழியே இல்லை.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தொட்டால் பஞ்சு காய்ந்தேவிட்டது போல் இருந்தது. மூத்தம்மாவும், "காஞ்சிட்டுது, தைச்சுக் குடுங்கோ, பிள்ளை பாவம்" என்றார். தராசில் வைத்தோம், 190 கிராம். கழுவுவதற்கு முன்னம் 165 தான். அப்படியென்றால் 25 கிராமுக்கு மேல் தண்ணீர் இன்னும் உள்ளே நிற்கிறது. கை சொன்னது பொய், தராசு சொன்னது சரி. கணக்கு இதற்காகத்தான். அன்று தைத்திருந்தால் ஒரு கிழமைக்குள் திரும்பவும் மணந்திருக்கும். தராசு இல்லாதவர்கள் பஞ்சைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் குளிரும்.

பிள்ளை கரடி இல்லாமல் வீட்டுக்குப் போனார். பொலித்தீன் பையை மட்டும் காற்சட்டைப் பையில் வைத்திருந்தார். இரவில் அதைத் திறந்து திறந்து மணந்து பார்த்துவிட்டு மூத்தம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாராம்.

ஞாயிறு இரண்டு மணிக்குப் பஞ்சு 160 கிராம், தோல் 118 கிராம். மொத்தம் 290 இருந்தது 278 ஆகியிருந்தது. வலையில் ஒட்டிய கொஞ்சப் பஞ்சு போக, மிச்சம் அந்தத் தேத்தண்ணி நிறத் தண்ணீரில் போன ஊத்தை. நெஞ்சு மஞ்சள் முக்கால்வாசி போயிருந்தது. இன்னும் இரண்டு வெயிலில் மிச்சமும் போகும்.

திரும்ப அடைக்கும்போது முதலில் மூக்கு, பிறகு தலை, கை கால், கடைசியாக வயிறு. பெரிய உருண்டையாகத் திணிக்காமல் சின்னச் சின்னதாக, பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் தள்ளி வைக்க வேண்டும். கழுத்தில் போதாமல் விட்டால் தலை ஆடும். வாயை ஏணித் தையலால் மூடினோம். ஒரு கரையில் உள்மடிப்புக்குள் ஊசியை ஓடவிட்டு, நேரே மறுகரைக்குப் போய் அங்கும் உள்மடிப்புக்குள் ஓடவிட்டு, நாலைந்து தையலுக்கு ஒருதரம் நூலை மெல்ல இழுத்தால் இரண்டு கரையும் சேர்ந்து நூல் மறைந்துவிடும். இரட்டை நூல் போடுங்கள். பிள்ளைகள் பஞ்சை இழுத்து வாயில் வைப்பார்கள்.

நனைக்க முடியாத பொம்மைக்கு ஒரு வழி: பொலித்தீன் பையில் பொம்மையையும் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவையும் போட்டுக் குலுக்கி, இரவு வைத்து, காலையில் பிறஸ்ஸால் தட்டி எடுங்கள். மேல் மணம் குறையும். கறை போகாது, உள்ளே போன சிறுநீருக்கும் இது போதாது.

கழுவக் கூடாத பொம்மையும் உண்டு. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழைக்கு எங்கள் வகுப்புப் பொம்மைப் பெட்டி வெள்ளத்தில் நின்றது. மலசலகூடக் குழிகள் நிரம்பிக் கலந்த தண்ணீர் அது. மனம் கேட்காமல் ஐந்தாறு பொம்மையைக் கழுவிக் காயவைத்தோம். வெயில் நாளில் மணக்கவில்லை. அடுத்த மழை ஈரத்துக்கு எல்லாம் திரும்ப மணந்தது. உள்ளே கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம். எல்லாவற்றையும் எறிந்தோம். முதல் நாளே எறிந்திருக்க வேண்டும். வெள்ளத்தில் ஊறிய பஞ்சுப் பொம்மையை வைத்திருக்க வேண்டாம், அது எவ்வளவு விலை என்றாலும்.

கரடியைத் திங்கட்கிழமைதான் பிள்ளையின் கையில் கொடுத்தோம். ஒரு நாள் பிந்தியதற்கு மன்னிப்பும் கேட்டோம். ஞாயிறு இரவு அதை மூத்தம்மாவிடம் கொடுத்து, அவருடைய தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கச் சொல்லியிருந்தோம். கடை மணத்தோடு போகாமல் வீட்டு மணத்தோடு போகட்டும் என்று.

பிள்ளை வாங்கி முதலில் மூக்கில் வைத்தார். "மூத்தம்மா மணக்குது" என்றார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து பொலித்தீனை எடுத்து, சால்வைத் துண்டைத் தானே கழுத்தில் கட்டப் பார்த்தார். முடிச்சு வரவில்லை. எங்களிடம் நீட்டினார்.

அந்தத் துண்டையும் ஒரு நாள் கழுவத்தான் வேண்டும். உம்மா பெருநாளைக்கு லீவில் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அதை அவரே கழுவட்டும்.